கடன் வாங்கிக் குடும்பத்தோடு சுற்றுலா போகலாமா?

வாசகி கேள்வி: ஐந்து மாதத்தில் என் அப்பா அம்மாவுக்கு ஐம்பதாவது திருமண நாள். அவர்கள் இருவர், அண்ணன் வீட்டில் நான்கு பேர், நாங்கள் நான்கு பேர், தங்கை வீட்டில் மூன்று பேர் என்று 13 பேரும் ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணம் போக ஆசை. மொத்தச் செலவு 4,50,000. நானும் கணவரும் மூன்று வருடமாகச் சேர்த்த 1,50,000 கையில் இருக்கிறது. வேறு சேமிப்பு இல்லை. மீதி 3,00,000-க்குப் பயண ஏற்பாட்டாளரே 10% வட்டியில் கடன் வாங்கித் தருகிறார். 36 மாதம், மாதம் 10,833. அண்ணனும் தங்கையும் "நீ இப்போது போடு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம்" என்கிறார்கள். எங்கள் இருவர் சம்பளம் சேர்த்து 1,10,000. வீட்டுக் கடன் உட்பட எல்லாச் செலவும் போக மாதம் 14,000 மிஞ்சும். கணவரோ, வீட்டுக் கடனிலேயே கூடுதலாக எடுத்தால் 9% தான், 15 வருடத்துக்கு மாதம் மூவாயிரம் சொச்சம்தான் வரும் என்கிறார். அப்பாவுக்கு 76 வயது. இப்போது விட்டால் எப்போது என்ற பயம் எனக்கு. இந்த வாரம் முன்பணம் கட்டினால் சலுகை உண்டாம். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்ட வேண்டாம். பயணமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் வயதைப் பற்றி நீங்கள் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டுதான் முழுக் கடிதத்தையும் படித்தேன். ஆனால் இந்தக் கடன், இந்த அளவில், உங்கள் பெயரில் வேண்டாம். அதற்கான காரணங்கள் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் அந்த 14,000. மாதம் 14,000 மிஞ்சுகிற வீட்டில் மூன்று வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 1,50,000. அதை 36 மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், மாதம் 4,170 கூட வராது. நீங்கள் பொய்க்கணக்குப் போட்டீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாதாந்திரச் செலவை எழுதும்போது எல்லோருமே மாதாமாதம் வருகிற செலவைத்தான் எழுதுவோம். வருடத்துக்கு ஒருமுறை வரும் பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், வண்டிப் பழுது, திடீர் மருத்துவச் செலவு, உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் அந்தப் பட்டியலில் வராது. மிஞ்சுவதாகத் தெரிகிற பணத்தை ஒவ்வொரு வருடமும் எடுத்துக்கொண்டு போவது அவைதான். அடுத்த மூன்று வருடத்திலும் அவை வரும்.

ஆகவே தவணையை ஒப்பிட வேண்டியது 14,000-த்தோடு அல்ல, 4,170-ஓடு. தவணை 10,833. மாதம் ஏறத்தாழ 6,700 துண்டு விழும். கையிருப்பு முழுவதையும் பயணத்துக்கே கொடுத்துவிட்டதால் அந்தத் துண்டை அடைக்கச் சேமிப்பும் இருக்காது. அப்போது என்ன ஆகும் என்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பயணக் கடனின் தவணை ஒரு மாதம்கூடத் தவறாது, ஏனென்றால் அது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். அதற்குப் பதிலாக மளிகையும் பெட்ரோலும் பள்ளிக் கட்டணமும் கிரெடிட் கார்டுக்குப் போகும். கார்டுக் கடனுக்கு மாதம் 3% வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் 6,700 ஏறிக்கொண்டே போய், ஒரு வருட முடிவில் கார்டில் மட்டும் 90,000-க்கு மேல் நிற்கும். வீட்டில் எல்லோரும் "கார்டுச் செலவு கூடிவிட்டது" என்றுதான் பேசுவார்கள். சுற்றுலாக் கடனால் வந்தது என்பது யாருக்கும் உறைக்காது. அதனால்தான் இந்தக் கடனை நான் இவ்வளவு எச்சரிக்கையோடு பார்க்கிறேன்.

செலவைக் குறைத்துச் சமாளித்துவிடுவோம் என்று உங்களுக்குத் தோன்றலாம். முடிந்தாலும் முடியும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இப்போது அந்த 10% வட்டிக்கு வருவோம். 3,00,000-க்கு 10% என்றால் வருடத்துக்கு 30,000, மூன்று வருடத்துக்கு 90,000. மொத்தம் 3,90,000. அதை 36-ஆல் வகுத்தால் 10,833. நீங்கள் எழுதிய தவணை அச்சாக அப்படியே வருகிறது. இதற்கு ஃபிளாட் வட்டி என்று பெயர். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவீர்கள். ஆனால் வட்டியை மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 3,00,000-க்கும் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் பெரும்பகுதியை அடைத்த பிறகும், முதல் மாதத்தில் கட்டிய அதே அளவு வட்டிதான் கட்டுவீர்கள்.

வங்கிகள் வழக்கமாகச் சொல்லும் வட்டி, குறைந்துவரும் அசலுக்குப் போடப்படுவது. அந்த முறையில் பார்த்தால் உங்கள் கடனின் உண்மையான வட்டி 18%-ஐ ஒட்டி வருகிறது. இதில் இன்னொரு விஷயம் உண்டு. இப்படிப்பட்ட கடன்களில் பிராசசிங் கட்டணம் என்று ஒன்றைப் பெரும்பாலும் கடன் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். அது 2% என்று வைத்துக்கொண்டால், 6,000 போக உங்கள் வேலைக்கு வருவது 2,94,000 தான், தவணை மட்டும் அதே 10,833. உண்மையான வட்டி அப்போது 19%-ஐத் தாண்டிவிடும். இதை நான் சொல்லி நம்ப வேண்டியதில்லை. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஏதாவது ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(36,-10833,294000)*12
```

முதல் எண் மாதங்கள், இரண்டாவது தவணை (முன்னால் கழித்தல் குறி அவசியம்), மூன்றாவது உங்கள் கைக்கு உண்மையில் வந்து சேரும் தொகை. விடை 0.194-ஐ ஒட்டி வரும், அதாவது 19.4%. யார் எந்தக் கடனைக் காட்டினாலும் இந்த மூன்று எண்களை மட்டும் கேட்டு வாங்கி இதில் போட்டுப் பாருங்கள். வட்டி எத்தனை சதவீதம் என்று அவர்கள் வாயால் சொல்வதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். வேறொரு வங்கி உங்களுக்கு 14% என்று சொல்லி, அதைக் குறைந்துவரும் அசலுக்குப் போட்டால், அதே 3,00,000-க்கு அதே 36 மாதத்தில் தவணை 10,253 தான் வரும். 14% என்று சொல்லும் கடன், 10% என்று சொல்லும் கடனைவிட மூன்று வருடத்தில் 20,000-க்கு மேல் மலிவு. பயண ஏற்பாட்டாளரின் மேசையில் அமர்ந்து, படங்களைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடும்போது இந்த ஒப்பீட்டைச் செய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இவர்களே நாளைக்கு "வட்டியில்லாத் தவணை" என்று வேறொரு திட்டத்தைக் காட்டவும் கூடும். அப்படிக் காட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழுத் தொகையையும் இன்றே ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்? ஏதாவது குறைத்தால், அதுதான் அந்த வட்டி.

உங்கள் கணவர் சொன்ன யோசனை இதைவிட நேர்மையான கடன். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுப்பதில் வட்டி உண்மையிலேயே குறைவு. ஆனால் 15 வருடத்துக்கு மாதம் 3,043 வீதம் கட்டினால் மொத்தம் 5,47,000-க்கு மேல் போகும். மூன்று லட்சம் வாங்கியதற்கு வட்டி மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம். 19% கடனில் மூன்று வருடத்தில் கட்டும் 90,000-ஐவிட, 9% கடனில் கட்டுவது இவ்வளவு அதிகமாவது காலத்தால்தான். இன்று பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் இந்த ஐந்து நாள் பயணத்துக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். இரண்டே வருடத்தில் முன்கூட்டியே அடைத்துவிடுவோம் என்றால் இது நல்ல வழிதான். ஆனால் மாதம் 4,170 மிஞ்சுகிற வீட்டில், கட்டாயம் இல்லாத கூடுதல் தொகையை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. தவிர, தவணை நின்றுபோனால் இங்கே ஆபத்தில் இருப்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. அதை ஒரு விடுமுறைக்காக ஈடாக வைக்க வேண்டாம்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடத்துக்கு வருகிறேன். இந்தக் கடன் யாருடையது?

4,50,000-ஐ 13 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 34,600 வருகிறது. அப்பா அம்மாவின் செலவை மூன்று பிள்ளைகளும் சமமாக ஏற்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டின் பங்கு 1,61,500. அண்ணனின் பங்கும் அதே 1,61,500. தங்கையின் பங்கு 1,27,000. இப்போது பாருங்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் 1,50,000 உங்கள் சொந்தப் பங்கைக் கிட்டத்தட்ட முழுதாகவே அடைத்துவிடுகிறது. நீங்கள் வாங்கப்போகும் 3,00,000-ல் ஏறக்குறைய 2,88,000 அண்ணனுடையதும் தங்கையுடையதும்தான். நீங்கள் உங்கள் பயணத்துக்காகக் கடன் வாங்கவில்லை. 19% வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டியில்லாமல், எழுத்தும் இல்லாமல், தேதியும் இல்லாமல் உடன்பிறந்தவர்களுக்குக் கடன் கொடுக்கப் போகிறீர்கள்.

அவர்கள் ஏமாற்றுவார்கள் என்று நான் சொல்லவில்லை. "கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம்" என்று சொல்லும் நேரத்தில் அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் கடன் கொடுத்தவருக்கு உங்களை மட்டும்தான் தெரியும். தங்கை வீட்டில் ஒரு மாதம் பணம் தட்டுப்பட்டால், உங்கள் தவணை தவறும். உங்கள் கடன் மதிப்பெண்தான் இறங்கும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. மாதாமாதம் தங்கையிடம் பணம் கேட்க வேண்டிய ஆளாக நீங்கள் ஆகிவிடுவீர்கள். மூன்றாவது மாதமே கேட்கத் தயங்குவீர்கள், ஆறாவது மாதம் அண்ணிக்கும் உங்களுக்கும் இடையே பேச்சு குறையும். பணம் வராமல் போன கதைகளைவிட, பணத்தைக் கேட்க முடியாமல் உறவு கசந்துபோன கதைகள்தான் என்னிடம் அதிகம் வந்திருக்கின்றன.

இந்தப் பேச்சை முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். எல்லோரும் இருக்கும் நேரத்தில், தனித்தனியாகப் பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "என் பெயரில் இவ்வளவு கடன் எடுக்க முடியாது அண்ணா, அவரவர் வீட்டு டிக்கெட்டை அவரவரே எடுத்துக்கொள்வோம், அப்பா அம்மாவுக்கானதை மூவரும் பகிர்ந்துகொள்வோம்" என்று சொன்னால் போதும். விளக்கம் நீள வேண்டியதில்லை. அவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை என்று பதில் வந்தால், அதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது. இப்போது இல்லாத பணம் திரும்பி வந்த பிறகும் சட்டென்று வந்துவிடாது. அப்படியானால் பயணம்தான் அவர்களால் முடிந்த அளவுக்குச் சுருங்க வேண்டும், உங்கள் கடன் பெருகக் கூடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பயணம் நின்றுபோனால்?

76 வயதுக்காரர் ஒருவரை மையமாக வைத்துத்தான் இந்தப் பயணமே. ஐந்து மாதத்துக்குள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், 13 பேரும் போக மாட்டீர்கள். பயணத்தை ரத்து செய்தாலும் கடன் ரத்தாகாது. இரண்டும் வேறு வேறு ஒப்பந்தங்கள். ஏற்பாட்டாளர் தன் ரத்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். புறப்படும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும், கடைசி நாட்களில் ஒன்றுமே திரும்பி வராமலும் போகலாம். பிராசசிங் கட்டணமும் அதுவரை ஓடிய வட்டியும் போனது போனதுதான். முன்கூட்டியே கடனை முடிக்கப் போனால் அதற்கும் சில இடங்களில் ஒரு கட்டணம் உண்டு. போகாத பயணத்துக்கு 36 மாதம் தவணை கட்டுவது எவ்வளவு வேதனை என்று யோசித்துப் பாருங்கள்.

பயணக் காப்பீடு எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும்தான் பணம் வரும். அப்பாவுக்கு ஏற்கனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்து, அதை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால், அதனால் வரும் இழப்பைத் தர மாட்டார்கள். சொன்னால் பிரீமியம் கூடலாம், அல்லது அந்த நோயை மட்டும் விலக்கிவிடலாம். பாலிசியில் "ஏற்கனவே உள்ள நோய்கள்" என்ற பகுதியைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். அப்புறம், கடனுக்கு நீங்கள் கட்டிய வட்டியைக் காப்பீட்டில் கேட்டு வாங்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேக்கேஜ் தொகைக்கு வெளியே வரும் செலவையும் நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. விசா, காப்பீடு, அதில் சேராத உணவு, உள்ளூர் வண்டி, பிள்ளைகளின் ஆசைகள், ஊர் திரும்பும்போது வாங்கும் பொருட்கள் என்று 13 பேருக்கு அது சிறிய தொகையாக இருக்காது. சேமிப்பு முழுவதும் முன்பே போய்விட்டதால் அதுவும் கார்டில்தான் ஏறும். வெளிநாட்டில் கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பதை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும், அதற்கு மேல் தனிக் கட்டணமும் உண்டு.

சரி, கடன் வாங்கிப் பயணம் போவது எப்போதுமே தவறா? இல்லை. தள்ளிப்போடவே முடியாத பயணங்கள் உண்டு. தூரத்தில் நோயோடு இருக்கும் ஒருவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போவதற்கு யாரும் மாதக்கணக்கு பார்க்கக் கூடாது. வேறொரு நிலையும் உண்டு. நான்கு மாதத்தில் முதிரப்போகும் வைப்புத்தொகை ஒருவரிடம் இருக்கிறது, பயணம் இரண்டு மாதத்தில். அதை உடைத்து வட்டியை இழப்பதைவிட, அதன் மேலேயே குறுகிய காலக் கடன் வாங்கிப் போய்வந்து, முதிர்ந்ததும் அடைத்துவிடலாம். அடைக்கும் பணம் ஏற்கனவே இருக்கிறது, தேதி மட்டும்தான் பிந்தி வருகிறது. போனஸ் வரும், சம்பளம் உயரும், பங்கு தருவார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

எல்லை எங்கே என்று கேட்டால், நான் பொதுவாகச் சொல்வது இதுதான். அடுத்த பயணத்துக்கு மனம் ஏங்கத் தொடங்கும் முன் இந்தப் பயணத்தின் கடன் முடிந்துவிட வேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது ஒரு வருடம். உங்கள் 36 மாதத் திட்டத்தில், அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு விடுமுறை வரும்போது இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி நிற்கும். அப்போது ஒன்று அவர்களை எங்கேயும் அழைத்துப் போக முடியாது, அல்லது இன்னொரு கடன். அதோடு, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தை முழுதாகக் காலி செய்யவே கூடாது. உங்கள் 1,50,000 பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் இருவர் சம்பளமும் நின்றுபோனால், வீட்டுக் கடனையும் சேர்த்து அது ஒன்றரை மாதத்துக்குக்கூடப் போதாது.

இப்போது அப்பாவின் வயது. பணம் சேரும் வரை இரண்டு மூன்று வருடம் பொறுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் இரண்டு வருடம் என்பது வேறு கணக்கு; இன்று படியேறுகிறவர் அன்று ஏற முடியாமல் போகலாம். ஆகவே அதிகம் தள்ள வேண்டாம், பயணத்தைச் சின்னதாக்குங்கள்.

திருமண நாளன்று வீட்டில் எல்லோரும் கூடிவிடுங்கள். பயணத்தை அதற்கு நான்கு மாதம் கழித்து, கூட்டம் குறைந்த பருவத்தில் வையுங்கள். இன்றிலிருந்து ஒன்பது மாதம் கிடைக்கும். விமானம் ஏறாமல் ரயிலிலோ வேனிலோ போகக்கூடிய ஓர் இடம், ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள், 13 பேரும் ஒன்றாகத் தங்கும்படி வாடகைக்கு ஒரே வீடு. தலைக்கு 20,000-க்குள் நிறுத்த முயலுங்கள். மொத்தம் 2,60,000. உங்கள் பங்கு 93,000 சொச்சம், அண்ணனுக்கும் அதே, தங்கைக்கு 73,000 சொச்சம். நீங்கள் கொஞ்சம் சிக்கனம் பார்த்து மாதம் 6,000 ஒதுக்கினால் ஒன்பது மாதத்தில் 54,000 சேரும். மீதி 39,000-ஐச் சேமிப்பிலிருந்து எடுத்தாலும் 1,11,000 உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும். ஒரு காசு கடன் இல்லை. அதே ஒன்பது மாதத்தில் அண்ணன் மாதம் 10,400, தங்கை மாதம் 8,200 என்று ஒதுக்கினால் அவர்களும் சேர்த்துவிடலாம். "அப்புறம் தருகிறோம்" என்பதை "இப்போதிலிருந்தே போடுகிறோம்" என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

76 வயதுக்காரருக்கு நீண்ட விமானப் பயணத்தையும் விமான நிலைய வரிசைகளையும்விட இது உடம்புக்கும் சுலபம். அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டீர்களா என்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கலாம். ஆனால் மகள் பெயரில் மூன்று வருடக் கடன் இருக்கிறது என்று பின்னால் தெரிந்தால் அவர்களுக்கு அது தாங்குமா என்பதை நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள். எங்கே போனால் பிடிக்கும் என்று நேராகவே கேளுங்கள். பிள்ளைகள் மூவரும் ஒரே கூரையின் கீழ் மூன்று இரவு தங்குவதே போதும் என்று அவர்கள் சொல்லக்கூடும்.

வெளிநாடுதான் வேண்டும் என்று குடும்பத்தில் எல்லோரும் உறுதியாக நின்றால், முன்பு சொன்ன சோதனையைச் செய்துபாருங்கள். இன்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பளம் வந்த மறுநாளே 10,833-ஐ அதில் போட ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதம் அந்தக் கணக்கைத் தொடாமலும், கார்டில் பாக்கி வைக்காமலும் குடும்பம் நடந்தால், உங்களால் அந்தத் தவணையைத் தாங்க முடியும் என்று தெரிந்துவிடும். கையில் 32,000-க்கு மேல் பணமும் இருக்கும், வாங்க வேண்டிய கடனும் அந்த அளவுக்குக் குறையும். இரண்டாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், இழப்பு ஒன்றும் இல்லாமல் விடை கிடைத்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் பார்க்கவேண்டியது கார்டுப் பாக்கியைத்தான். சேமிப்புக் கணக்கில் பணம் ஏறும்போது கார்டுப் பாக்கியும் கூடவே ஏறினால் சோதனை தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சலுகை போய்விடுமே என்ற கவலைக்கு ஒரு வார்த்தை. ஏற்பாட்டாளரிடம் நாளைக்கே சில விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: முன்பணத்தில் திரும்பி வராத பகுதி எவ்வளவு, புறப்படுவதற்கு 60, 30, 15 நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பயணம் ரத்தானால் திரும்பும் பணம் உங்கள் கைக்கு வருமா, கடன் கணக்குக்குப் போகுமா, கடனை முன்னதாக முடிக்கக் கட்டணம் என்ன. எழுதித் தர மறுத்தால் அந்தச் சலுகையை விட்டுவிடுங்கள். எழுதித் தந்தால், அந்தத் தாளையும் நான் மேலே போட்ட பங்குக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் தங்கையையும் கூப்பிட்டு உட்காருங்கள்.